பிறக்காதவர்களின் உரிமை: ஆசிரியரின் மடக்குக்குப் பதில்

"நிலக்கரியை எரிப்பது 200 ஆண்டு கழித்துப் பிறப்பவர்களின் உரிமையை மீறுகிறது என்று எழுதினேன். 'எரிப்பதை நிறுத்தினால் வேறு ஆட்கள்தானே பிறப்பார்கள், பிறகு யாருக்குத் தீங்கு?' என்று ஆசிரியர் மடக்கிவிட்டார். என்ன சொல்வது?"

இது தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-இல் விரிவாக எழுதிய சிக்கல். கொள்கை மாறினால் யார் யாரை எப்போது சந்திக்கிறார்கள் என்பதும் மாறும். கருத்தரிப்பு சற்றுத் தள்ளிப்போனாலே பிறப்பது வேறு குழந்தை.

'இன்னும் இல்லாதவருக்கு உரிமை ஏது' என்பது வேறு கேள்வி, எளிதானதும்கூட: உரிமை அவர் பிறந்தபின் இருந்தால் போதும், மீறலும் அப்போதே நடக்கிறது.

உங்கள் வாதம் சறுக்குவது 'தீங்கு' என்ற சொல்லில். 'அந்தச் செயல் இல்லாவிட்டால் இருந்திருக்கும் நிலையைவிட மோசம்' என்று அதற்குப் பொருள் கொண்டால் ஆசிரியர் வென்றுவிடுவார். 200 ஆண்டு கழித்துப் பிறப்பவருக்கு வேறு நிலையே இல்லை, பிறக்காமல் போவதைத் தவிர. மாறாக, குடிநீர், உடல்நலம் போன்றவற்றில் ஓர் அடிமட்ட அளவை வைத்து, நம் செயலால் ஒருவர் அதற்குக் கீழே விழுவதே தீங்கு என்று வரையறுங்கள். அப்போது ஒப்பீடே தேவையில்லை.

இதற்கும் எல்லை உண்டு. அளவுக்கு மேலே, ஆனால் சுமாராக வாழ்பவர் இந்த வழியில் நம்மைக் குற்றம்சாட்ட முடியாது. அங்கே உரிமைப் பேச்சை விட்டு, 'இன்னும் நல்ல உலகம் சாத்தியமாக இருந்தது' என்று மட்டுமே வாதிடலாம்.