போஸ்டரில் விலை தவறு: நீக்குவதா, திருத்துவதா?

கேள்வி: எங்க ஸ்வீட் கடை பேஸ்புக், இன்ஸ்டா பக்கத்துல தீபாவளி கிப்ட் பாக்ஸ் விலை ₹640-க்குப் பதிலா ₹460-ன்னு போஸ்டர் போயிடுச்சு. மூணு மணி நேரம் கழிச்சுதான் கவனிச்சோம். நிறைய பேர் ஷேர் பண்ணிட்டாங்க. டெலீட் பண்ணிடலாமா?

பதில்:

வேண்டாம். நீக்கினால் உங்கள் பக்கத்தில்தான் மறையும்; வாட்ஸ்அப் குரூப்களுக்குப் போன ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நாளை ஒருவர் அதைக் கவுன்ட்டரில் நீட்டினால், விலையைத் திருத்தி அறிவித்தோம் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. ‘எனக்கு ரெண்டு பாக்ஸ்’ என்று கமென்ட் போட்டவர்களின் பெயர்களும் பதிவோடு போய்விடும். தகவல் முதலில் சேர வேண்டியதே அவர்களுக்குத்தான்.

பதிவையும் கமென்ட்களையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்து, பழைய விலையில் கேட்டவர்களுக்கு என்ன செய்வது என்று முதலாளியிடம் முடிவு வாங்குங்கள். இதை முடிக்காமல் திருத்தம் போட்டால் கமென்டில் சண்டைதான். பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு பாக்ஸ் சொல்லியிருந்தால், ₹180 வீதம் ₹2,160 நஷ்டம். என்னைக் கேட்டால் கொடுத்துவிடலாம்.

பிறகு கேப்ஷனின் முதல் வரியிலேயே இப்படி எழுதுங்கள்: “திருத்தம், பகல் 1.20: கிப்ட் பாக்ஸ் விலை ₹640. போஸ்டரில் ₹460 என்று தவறாக வந்துவிட்டது. இதற்கு முன் கமென்டில் ஆர்டர் சொன்னவர்களுக்குப் பழைய விலையே.” கடைசியில் எழுதினால் பயனில்லை, இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிக்குப் பிறகு மீதி மடங்கிவிடும். சத்தமில்லாமல் எண்ணை மட்டும் மாற்றவும் வேண்டாம். பேஸ்புக்கில் எடிட் வரலாற்றைத் திறந்தால் பழைய எழுத்து தெரியும்.

சிக்கல் படத்தில்தான். இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தை மாற்ற வழியில்லை, பார்ப்பவர் கண்ணோ படத்தில்தான் விழும். அதனால் சரியான போஸ்டரைத் தனிப் பதிவாகப் போட்டு, ‘காலையில் வந்த விலை தவறு’ என்று அதிலேயே சொல்லுங்கள். கமென்ட் போட்ட எல்லோருக்கும் பதில் போன பிறகு, ஓரிரு நாளில் பழையதை ஆர்க்கைவ் செய்யலாம். லைக்கும் கமென்டும் அழியாது, வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம்.

உடனே நீக்க வேண்டியவையும் உண்டு. கியூஆர் கோடோ யூபிஐ எண்ணோ தவறு என்றால் ஒவ்வொரு நிமிடமும் பணம் வேறு யாருக்கோ போகும். வாடிக்கையாளரின் போன் எண் வெளியே வந்துவிட்டாலும் அப்படித்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள். “காலை போஸ்டரில் இருந்த கோடுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்” என்று தனியே அறிவியுங்கள். அந்த அறிவிப்பில் தவறான கோடை மறுபடி போட்டுவிடாதீர்கள், அவசரத்தில் அதையே ஸ்கேன் செய்பவர்கள் உண்டு.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான். அது தாண்டிவிட்டால் அதே செய்திக்கு ரிப்ளையாகத் திருத்தத்தை அனுப்புங்கள். எது தவறு, எது சரி என்பது ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும்.