வாரக் கணக்கைவிட ஒருநாள் கணக்குதான் முக்கியம்

கேள்வி: இரண்டு மாதமாக வாரம் மூன்று நாள், நாளுக்கு 3 கி.மீ. ஓடுகிறேன். இதை வாரம் 20 கி.மீ. ஆக்க ஆசை. போன மாதம் ஒருநாள் 6 கி.மீ. ஓடினேன், மூச்சு வாங்கவில்லை, ஆனால் மறுநாளே முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தில் வலி. பத்து நாள் ஓட முடியவில்லை. வலி வராமல் எப்படிக் கூட்டுவது?

பதில்: மூச்சை நம்பித்தான் ஏமாந்திருக்கிறீர்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பு அப்படியல்ல. புதிய சுமை விழும்போது அது முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். கரைந்து, இன்னும் கட்டி முடியாத கணைக்கால் எலும்பின் மேல்தான் அந்த 6 கி.மீ. விழுந்தது.

'வாரம் 10 சதவீதம் கூட்டு' என்பார்கள். உங்கள் 9 கி.மீ.க்கு அது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதையும் ஒரே நாளில் ஏற்றினால் அந்த நாளின் சுமை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எகிறிவிடும். அதனால் முதலில் தூரத்தைத் தொடாமல் நாளைக் கூட்டுங்கள். நான்காவது நாளாக 2 கி.மீ. சேர்த்தால் 11 ஆகும். இரண்டு வாரம் அப்படியே ஓடுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் 3.5 ஆக்கி, அதையும் இரண்டு வாரம் வைத்திருங்கள். இப்படி இரண்டு வாரத்துக்கு அரைக் கிலோமீட்டர் ஏற்றி, ஞாயிறு 4.5-ஐத் தாண்டியபின் மற்ற நாட்களையும் ஒவ்வொன்றாக உயர்த்தலாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மொத்தத் தூரத்தில் கால்பங்கைக் குறைத்து ஓடுங்கள். 6, 5, 5, 4 என்று 20-ஐத் தொட எட்டு, ஒன்பது மாதம் பிடிக்கும். அவசரப்பட இதில் இடமில்லை.

அதுவரை வேகத்தை விட்டுவிடுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் அது வேகம் அதிகம். கெண்டைக்காலுக்கு வாரம் இரண்டு நாள் படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி மெல்ல இறக்குங்கள்: 15 முறை, மூன்று சுற்று. பூங்காவில் எப்போதும் ஒரே திசையில் சுற்றினால் ஒரு கால்தான் வளைவின் சுமையை வாங்கும். நாள் மாற்றித் திசையை மாற்றுங்கள்.

வலி திரும்பினால் விரலால் அழுத்திப் பாருங்கள். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் நான்கைந்து அங்குல நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பு உறையையொட்டிய எரிச்சல். ஓட்டத்தை நிறுத்தி, நடக்கும்போதும் அழுத்தும்போதும் வலி போனபின் பாதித் தூரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ மயிரிழை முறிவாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் ஓடத் தொடங்கிவிடாதீர்கள். முதல் சில வாரங்களில் இந்த முறிவு அதில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.