'கர்' எல்லாம் 'ஏனெனில்' அல்ல

அன்புள்ள ஐயா,

பண்டைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் முதல் புத்தகத்தைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். லிடிய அரசன் கந்தவ்லேஸ், அவனுடைய வீரன் கூகேஸ் இருவரின் கதையில் வந்து நிற்கிறேன். 'தெ', 'கர்', 'ஓன்', 'தே' என்று வரிக்கு வரி இடைச்சொற்கள். அகராதிப்படி 'ஆனால்', 'ஏனெனில்', 'ஆகவே', 'உண்மையில்' என்று போட்டால் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கதை துண்டு துண்டாக நிற்கிறது. எதை விடலாம், எதை விடக்கூடாது? அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்கலாமா?

மு.

அன்புள்ள மு.,

நீங்கள் நிற்கும் கதையே இதைப் பேச நல்ல இடம். அதைவிட்டு அதிகம் வெளியே போக வேண்டியதில்லை.

அதிகம் தொந்தரவு தருவது 'தெ'. அகராதியில் இதற்கு எதிரே 'ஆனால்' இருக்கிறது. ஆனால் கதை சொல்லும்போது ஹெரோடோட்டஸ் பெரும்பாலும் அதை முரணுக்காகப் போடுவதில்லை. 'அடுத்ததற்குப் போகிறேன், கூடவே வா' என்று கேட்பவருக்குச் சொல்லும் சைகை அது. கிரேக்க உரைநடையில் ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதோடு ஏதாவது ஒரு கண்ணியால் கோக்கப்பட்டிருப்பதே வழக்கம். கண்ணியில்லாத வாக்கியம்தான் அங்கே தனித்துத் தெரியும். தமிழில் நேர்மாறு. வினைமுற்றோடு ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கினாலே நமக்குத் தொடர்ச்சிதான். இடையில் ஒரு சொல் வந்தால்தான் 'ஏதோ திருப்பம்' என்று காது நிமிர்கிறது. ஆகையால் பெரும்பாலான 'தெ'க்குச் சரியான மொழிபெயர்ப்பு ஒன்றும் போடாமல் விடுவதே. அது துரோகமில்லை, கிரேக்க வாசகனுக்கு 'தெ' எவ்வளவு காதில் விழுந்ததோ, அவ்வளவுதான் நம் முற்றுப்புள்ளியும் விழுகிறது.

இதன் மறுபக்கத்தையும் உங்கள் கதையிலேயே பார்க்கலாம். ஏழாம் பகுதியில் கந்தவ்லேஸ் முதன்முதலாக வரும் வாக்கியம் 'இருந்தான்' என்ற வினையிலேயே தொடங்குகிறது. அதில் முந்தைய வாக்கியத்தோடு கோக்கும் இடைச்சொல் கிடையாது. கிரேக்கக் காதுக்கு அந்த வெறுமையே 'கதை தொடங்குகிறது' என்ற அறிவிப்பு. அங்கே தமிழில்தான் நாம் ஒன்று சேர்க்க வேண்டும்: "கந்தவ்லேஸ் என்று ஒருவன் இருந்தான், சார்டிஸை ஆண்டவன்." மூலத்தில் இல்லாத 'என்று ஒருவன்' மூலத்தின் மௌனத்தை மொழிபெயர்க்கிறது. சொல்லுக்குச் சொல் கணக்குப் பார்த்தால் இங்கே ஒன்று கூடும், அங்கே பத்து குறையும்.

அடுத்து எட்டாம் பகுதியின் முதல் வாக்கியம். 'இந்த' என்ற சுட்டுக்குப் பிறகு 'தே ஓன்' என்று இரண்டு இடைச்சொற்கள் சேர்ந்து வருகின்றன. ('ஓன்' என்பது ஹெரோடோட்டஸின் அயோனிய வழக்கு, ஏதென்ஸில் அது 'ஊன்'.) இதை 'ஆகவே உண்மையில்' என்று பெயர்த்தால் எதிலிருந்து ஆகவே என்று வாசகர் திகைப்பார். ஹெரோடோட்டஸ் கந்தவ்லேஸின் பெயரைச் சொன்னதும் அவன் வம்சத்துக்குள் நுழைந்து, ஹெராக்ளேஸ் வழி வந்தவர்கள் 22 தலைமுறையாக, 505 ஆண்டு லிடியாவை ஆண்டார்கள் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறார். 'தே ஓன்' என்பது சுற்று முடிந்தது, விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற அடையாளம். தமிழில் அந்த வேலையைச் சுட்டும் ஒரு பத்திப் பிரிவும் செய்துவிடும்: "இந்தக் கந்தவ்லேஸ் தன் மனைவி மேலேயே மையல் கொண்டான்." வம்சக்கதை நீண்டுவிட்டது என்று தோன்றினால் "அப்படிப்பட்ட வம்சத்தில் வந்த இந்தக் கந்தவ்லேஸ்" என்று கொஞ்சம் தாராளமாகவும் போகலாம். நான் போகமாட்டேன். 'இந்த' போதும்.

அதே வாக்கியத்தின் அடுத்த பாதி நமக்குத் தானாகவே கனிந்து வரும். 'மையல் கொண்டான்' என்று சொன்ன மூச்சிலேயே அந்த வினையை எச்சமாகத் திருப்பிச் சொல்லி, ஒரு 'தெ'யை ஒட்டி, மேலே போகிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்வதும் இப்படித்தானே: "காட்டுக்குப் போனான், போனவன் ஒரு குளத்தைப் பார்த்தான்." ஆகவே: "மையல் கொண்டான். மையல் கொண்டவன், உலகத்துப் பெண்களிலேயே அவள்தான் பேரழகி என்று நினைத்தான்." 'தெ' வினையாலணையும் பெயருக்குள் போய்விட்டது. ஆங்கில வழியாக வருகிற மொழிபெயர்ப்பாளர் இந்தத் திருப்பிச் சொல்லலைக் கூறியது கூறலாக நினைத்து வெட்டிவிடுவார். நீங்கள் மூலத்திலிருந்து வருகிறீர்கள், வெட்டாதீர்கள்.

இனி 'கர்'. இதில்தான் தமிழ் மொழிபெயர்ப்புகள் அதிகம் சறுக்குகின்றன. 'ஏனெனில்' என்பது ஒரு காரியத்துக்குக் காரணம் சொல்லும். 'கர்' அதைவிடத் தளர்வானது. இதைச் சொன்னதும் உனக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும், அல்லது எழப்போகிறது, அதற்கு இதோ பதில் என்பதே அதன் வேலை. இந்த ஒரு பகுதியிலேயே அது பலமுறை வருகிறது, இடத்துக்கு இடம் வேறு வேறு விதமாக.

முதல் இடம், கூகேஸ் அறிமுகமாகும் இடம். 'இப்படி நினைத்த கந்தவ்லேஸ்' என்று தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்று, அவனுடைய ஈட்டி வீரர்களில் தஸ்கூலோஸின் மகன் கூகேஸ் அவனுக்கு மிகவும் பிடித்தவன் என்று 'கர்' போட்டு ஒரு துண்டைச் செருகி, பிறகு 'இந்தக் கூகேஸிடம்' என்று தொடர்கிறது. விளக்கம் முன்னால், விளக்கப்படுவது பின்னால். கிரேக்க இலக்கண நூல்கள் இதைத் தனிவகையாகப் பிரித்துப் பேசுகின்றன. நமக்கு இதுவே இயல்பான வரிசை. காரணத்தை முன்னால் வைத்துக் காரியத்தைப் பின்னால் வைப்பதுதான் தமிழ் வாக்கியத்தின் நடை. எனவே: "அவனுடைய ஈட்டி வீரர்களில் தஸ்கூலோஸின் மகன் கூகேஸ்மேல் அவனுக்குத் தனிப் பிரியம். முக்கியமான காரியங்களையெல்லாம் அந்தக் கூகேஸிடம்தான் கலந்துகொள்வான். மனைவியின் அழகையும்கூட அவனிடம் அளவில்லாமல் புகழ்வான்." 'கர்' வரிசைக்குள் கரைந்துவிட்டது. கடைசியில் வந்த 'உம்கூட' எதற்கென்றால், மூலத்தில் அங்கே 'கய் தே கய்' இருக்கிறது. பொதுவாகச் சிலவற்றைச் சொல்லிவிட்டு, தான் உண்மையில் சொல்ல வந்ததைக் கடைசியில் வைக்கும்போது ஹெரோடோட்டஸ் போடும் முத்திரை அது.

இரண்டாவது இடம் விபரீதமானது. அதிக காலம் செல்லாமல், 'கந்தவ்லேஸுக்குக் கேடு வர வேண்டியிருந்தது கர்', அவன் கூகேஸிடம் சொன்னான் என்று வருகிறது. இங்கே 'ஏனெனில்' போட்டுப் பாருங்கள்: அதிக காலம் செல்லவில்லை, ஏனெனில் அவனுக்குக் கேடு வர வேண்டியிருந்தது! காலம் வேகமாக ஓடியதற்கு விதி காரணமாகிவிடும். அரசன் இப்படியொரு பேச்சை ஏன் எடுத்தான் என்ற, இனிமேல் எழப்போகும் கேள்விக்குத்தான் அந்தப் பதில். "அதிக காலம் ஆகவில்லை. கந்தவ்லேஸுக்குக் கேடு வர வேண்டியிருந்ததே, கூகேஸிடம் இப்படிச் சொன்னான்." அந்த ஏகாரம் ஒன்றே போதும்.

மூன்றாவது, அரசனின் பேச்சு. ஒரே வாக்கியத்தில் இரண்டு 'கர்'. "கூகேஸ், என் மனைவியின் அழகைப் பற்றி நான் சொல்வதை நீ நம்புவதாகத் தெரியவில்லை. கண்ணை நம்புகிற அளவுக்கு மனிதர்கள் காதை நம்புவதில்லையே. அவளை ஆடையின்றிப் பார்க்க வழி செய்துகொள்." முதல் 'கர்' வரிசையில் கரைகிறது, இரண்டாவது ஏகாரத்தில். 'அல்லவா', 'ஆயிற்றே' ஆகியவையும் பேச்சில் இதே வேலையைச் செய்யும். உங்கள் வரைவில் 'ஏனெனில்' எங்கெல்லாம் நிற்கிறதோ, அந்த வாக்கியத்துக்கு முன்னால் 'ஏன்?' என்று உரக்கக் கேட்டுப் பாருங்கள். முந்தைய வாக்கியத்தின் வினையைப் பற்றி அந்தக் கேள்வி பொருந்தாவிட்டால் 'ஏனெனில்' தவறான இடத்தில் நிற்கிறது.

'மென்', 'தெ' ஜோடியை 'ஒருபுறம், மறுபுறம்' என்று பெயர்க்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் பகுதி 'அவன் மென் தே' என்று தொடங்கி, 'இவன் தெ' என்று அரசனிடம் திரும்புகிறது. 'ஒருபுறம் கூகேஸ் மறுத்தான், மறுபுறம் அரசன் பதில் சொன்னான்' என்றால் இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருப்பதுபோல ஆகிவிடும். 'மென் தே' ஒருவன் பேச்சை முடித்துவைக்கிறது, 'தெ' அடுத்தவனிடம் பந்தைக் கொடுக்கிறது. "இப்படியெல்லாம் சொல்லி அவன் போராடிப் பார்த்தான், இதனால் தனக்கு ஏதாவது தீங்கு வந்துவிடுமோ என்று பயம். அரசனோ, 'தைரியமாக இரு கூகேஸ், பயப்படாதே' என்றான்." 'எல்லாம்' முடித்துவைக்கிறது, ஓகாரம் திருப்புகிறது.

ஒரு எச்சரிக்கை. நம் இடைச்சொற்களும் கிரேக்கத்தினுடையவற்றைப் போல ஒரு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்பவைதாம் என்பதால் அதே இடத்தில் ஒட்டத் தோன்றும். 'தெ', 'கர்' ஆகியவை வாக்கியத்தில் இரண்டாம் இடத்தில் நிற்பது இட வழக்கம் மட்டுமே. முதல் சொல்லை அவை அழுத்துவதில்லை. தமிழில் ஏ, ஓ, தான் எந்தச் சொல்லில் ஒட்டுகின்றனவோ அந்தச் சொல் வெளிச்சத்துக்கு வந்துவிடும். கிரேக்கத்தில் 'தெ' எந்தச் சொல்லை அடுத்து நிற்கிறது என்று பார்த்து ஓகாரத்தைப் போடாதீர்கள். எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் 'ஏனெனில்' குவிந்த பக்கத்துக்குப் பதிலாகத் 'தான்' குவிந்த பக்கம் கிடைக்கும்.

'இவையெல்லாம் வெறும் அசைதானே' என்று சொல்ல வருபவருக்கு வரலாற்றில் துணை இருக்கிறது. தியோனீசியோஸ் திராக்ஸின் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணம் 'தே', 'ஊன்', 'கெ' போன்றவற்றை நிரப்பிகள் என்று ஒரு பட்டியலில் போட்டுவிட்டது. தொல்காப்பியத்தின் இடையியலும் இசைநிறை, அசைநிலை என்று வகுக்கிறது. ஆனால் அதே இயல் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து வேலைகளைப் பிரித்துத் தருகிறது. அந்த இயலை ஒருமுறை படித்துவிட்டு, 1934-இல் வந்த டென்னிஸ்டனின் கிரேக்க இடைச்சொல் நூலைத் திறந்தால், அதன் பருமன் அவ்வளவு பயமுறுத்தாது.

நான் இதுவரை சொன்னது கதைக்கும் பேச்சுக்கும். அரிஸ்டாட்டிலுக்கு இப்படிச் செய்யாதீர்கள். அங்கே 'கர்' வாதத்தின் ஒரு படி. கரைத்துவிட்டால் எது முடிவு, எது ஆதாரம் என்று தெரியாமல் போகும். பக்கம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் 'ஏனெனில்' அங்கே இருக்கட்டும்.

அடிக்குறிப்பு வேண்டாம். 'கேடு வர வேண்டியிருந்தது' என்ற இடத்தில் மட்டும், விதியைப் பற்றி ஹெரோடோட்டஸ் ஏறக்குறைய இதே மாதிரிப் பிற இடங்களிலும் சொல்கிறார் என்பதற்காக ஒன்று போடலாம். அதுவும் விதியைப் பற்றியதாக இருக்கட்டும், 'கர்' பற்றியதாக அல்ல.