யூத் பார்லிமென்ட்ல உனக்கு கிடைக்குற ஒன்றரை நிமிஷம்

தம்பி, நீ அனுப்புன டிராஃப்ட் படிச்சேன். மக்களவை மாதிரி நடத்துறாங்க, உனக்கு வடசென்னை எம்.பி. ரோல், எதிர்க்கட்சி வரிசை, தலைப்பு கடலோர மாசும் மீனவர் பிழைப்பும், நேரம் ஒன்றரை நிமிஷம். நீ என்ன பண்ணிருக்கனா உன் பேரு, காலேஜு, டிபார்ட்மென்ட்டு, வாய்ப்பு குடுத்தவங்களுக்கு நன்றி, அப்புறம் ஒரு குறள், இப்படியே போயி எண்ணெய் பரவின எண்ணூரோட பேரு வர்றதுக்குள்ள பாதி நேரம் போயிடுது. தமிழ்ல நிதானமா பேசினா நிமிஷத்துக்கு நூறு வார்த்தை பக்கம்தான் வரும், உன் பேச்சு மொத்தமே நூத்தம்பது வார்த்தைக்குள்ள அடங்கணும்.

உன் பேரும் காலேஜும் ஜட்ஜ் கையில இருக்குற ஷீட்லயே இருக்கும். அந்த அவைக்குள்ள நீ ஸ்டூடன்ட் இல்ல, உறுப்பினர். அதனால அறிமுகம்னா எந்த தொகுதி, அங்க யாருக்காக இப்ப எழுந்து நிக்குற, அவ்ளோதான். பேசுறது எப்பவும் சபாநாயகரைப் பார்த்து. எதிர்ல இருக்குற அமைச்சரை "நீங்க"ன்னு நேரா கூப்பிடாத, "மாண்புமிகு அமைச்சர் அவர்கள்"னு சொல்லு. நிஜக் கட்சி பேரு எதுவும் எடுக்க வேணாம்.

பெரிய சிக்கல் அடுத்த பாராவுலதான். நிவாரணத் தொகையை ஏத்தணும், புது மீன்பிடி இறங்குதளம் வேணும், முகத்துவாரத்தை தூர்வாரணும்னு மூணு கோரிக்கை வச்சிருக்க. மூணும் நியாயம்தான், ஆனா கரையோர மீன்வளம் அரசியலமைப்போட ஏழாவது அட்டவணையில மாநிலப் பட்டியல்ல வருது, பிராந்தியக் கடலைத் தாண்டின மீன்பிடிதான் மத்தியப் பட்டியல். தயார் பண்ணிட்டு வந்த, அமைச்சர் ரோல்ல இருக்குற பையன் "இதை சட்டமன்றத்துல கேளுங்க"ன்னு ஒரே வரியில உக்கார வச்சிடுவான். நாடாளுமன்றத்தால மட்டும் செய்ய முடியுறதை ஒண்ணே ஒண்ணு கேளு.

அப்படி ஒண்ணு இருக்கு. 1991ல வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். அபாயகரமான பொருளைக் கையாளுற கம்பெனியில விபத்து நடந்தா, யார் தப்புன்னு நிரூபிக்காமலே பாதிக்கப்பட்டவங்க கலெக்டர்கிட்ட மனு குடுத்து நிவாரணம் கேக்கலாம், மூணு மாசத்துக்குள்ள முடிவு சொல்ல முடிஞ்ச வரைக்கும் முயற்சி பண்ணணும்னும் அதுலயே இருக்கு. ஆனா அது கணக்குல எடுக்குறது மரணம், காயம், சொத்துச் சேதம். எண்ணெய் படிஞ்ச வலை சொத்துன்னு வாதாடலாம், கடலுக்கே போகாம வீட்ல உக்கார்ந்திருந்த நாளுக்கு அதுல இடம் இல்ல. உன் நிலைப்பாடு இந்த ஓட்டையை அடைக்கிறதா இருக்கட்டும்.

இப்படி ஆரம்பிச்சுப் பாரு:

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, வடசென்னை தொகுதியிலிருந்து, நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்களுக்காகப் பேசுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. படகு உடையாதவர்களுக்கும் தொழில் நின்றது. 1991 சட்டத்தின் மூன்றாவது பிரிவில் மரணம், காயம், சொத்துச் சேதம் என்பதோடு மீனவரின் தொழில் இழப்பையும் சேர்க்க வேண்டும். இதுவே என் கோரிக்கை."

இது அரை நிமிஷம் பக்கம் வரும். மிச்ச நேரத்தை, வரப்போற எதிர்க்கேள்விக்கு முன்னாடியே பதில் சொல்ல வச்சுக்கோ. ஒண்ணு, "பசுமைத் தீர்ப்பாயம் அந்த விஷயத்தைத் தானா விசாரணைக்கு எடுத்துச்சே, தனியா சட்டம் எதுக்கு"ம்பாங்க. தீர்ப்பாயத்துல சேதத்தை அளந்து பொறுப்பு யாருதுன்னு முடிவாக நாளாகும், இந்தச் சட்டம் அதுவரைக்கும் கைக்கு வர்ற உடனடிப் பணத்துக்குன்னு சொல்லு. ரெண்டாவது கேள்விதான் கஷ்டம். மீனவரோட தினசரி வருமானத்தை எப்படி நிரூபிப்பீங்க? படகுக்குப் பதிவு எண் இருக்கு, மீனவர் அடையாள அட்டை இருக்கு, ஆனா வித்த மீனுக்கு ரசீது பல பேருகிட்ட இருக்காது. அதை மறைக்காம, பதிவு பண்ண படகுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோன்னு நிலையான தொகையை விதியிலயே வைக்கணும்னு கேளு. அந்தத் தொகை எவ்ளோன்னு அங்கயே நம்பர் அடிச்சு விடாத, அதை விதி எழுதறவங்களுக்கு விட்டுடு.

நன்றி வரி வேணாம், கோரிக்கையை இன்னொரு தடவை சொல்லி உக்காந்துடு. பெல் அடிச்ச பிறகும் இழுத்தா பெரும்பாலும் மார்க்கைக் குறைப்பாங்க, அதனால ஒரு நிமிஷம் இருபது செகண்ட்ல முடியுற மாதிரி போன்ல டைமர் வச்சு சத்தமா படிச்சுப் பாரு.

அம்மா போன்ல "இதனால வேலைக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்கா சார்"னு கேட்டாங்க. சர்டிஃபிகேட்டை மட்டும் வச்சு யாரும் வேலை குடுக்க மாட்டாங்க. ரெஸ்யூம்ல "யூத் பார்லிமென்ட் பங்கேற்பு"ன்னு போடுறதுக்குப் பதிலா எந்தச் சட்டத்துல எந்தத் திருத்தம் கேட்டேன்னு ஒரு வரி போட்டா, லா காலேஜ் இன்டர்ன்ஷிப்ல கேள்வி அதுலேர்ந்துதான் வரும், உனக்கும் பதில் தெரியும். அப்பாகிட்ட உக்காந்து அந்த டிசம்பர்ல எத்தனை நாள் படகை இறக்கலன்னு கேட்டு எழுதி வச்சுக்கோ, ரெண்டாவது கேள்வி வந்தா அது கையில இருக்கணும். புது டிராஃப்ட்டை வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு.