சாய்ந்த நீள்வட்டத்தை நிமிர்த்துவது எப்படி? – கேள்வி பதில்

முதலாமாண்டு மாணவி: 5x² + 4xy + 2y² = 6 என்ற வளைவரைக்கு நிரைகளை (5, 4), (4, 2) என்று எழுதினேன். ஒரு ஐகன் மதிப்பு குறை எண்ணாக வந்ததால் அதிபரவளையம் என்று விடையளித்தேன். சுழியம் போட்டுவிட்டார்கள். ஏன் ஐயா?

சுழியம் கொஞ்சம் கடுமைதான். ஆனால் அணி தவறு. xy உறுப்பு அணியில் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது, ஆகவே 4ஐ இரண்டாகப் பங்கிட வேண்டும். நிரைகள் (5, 2), (2, 2). சமன்பாடு λ² − 7λ + 6 = 0; மதிப்புகள் 6, 1. இரண்டும் மிகை எண்கள், எனவே நீள்வட்டம்.

6க்குரிய திசை (2, 1), 1க்குரிய திசை (1, −2). புள்ளிப் பெருக்கல் 2 − 2 = 0. சமச்சீர் அணியில் வெவ்வேறு ஐகன் மதிப்புகளின் திசைகள் தாமாகவே செங்குத்தாக அமையும். அமையவில்லையென்றால் கணக்கில் எங்கோ பிழை. இரண்டையும் √5ஆல் வகுத்து அலகு வெக்டர்களாக்கி நிரல்களாக நிறுத்தினால் P கிடைக்கும். வகுக்க மறந்தால் அச்சின் திசை கெடாது, நீளம் கெட்டுவிடும்.

அந்தத் திசைகளில் u, v என்று அளந்தால் 6u² + v² = 6. (2, 1) திசையில் அரை அச்சு 1. (1, −2) திசையில் √6, ஏறத்தாழ 2.45. சரிபார்க்க (2, 1)/√5 என்ற புள்ளியை மூலச் சமன்பாட்டில் இடுங்கள்: 4 + 1.6 + 0.4 = 6.

பள்ளி ஆசிரியர்: இதற்கு ஐகன் மதிப்பே தேவையில்லை. வர்க்கப் பூர்த்தி செய்தால் 5(x + 2y/5)² + (6/5)y². வடிவம் தெரிந்துவிட்டதே!

பாதி சரி. நீள்வட்டமா அதிபரவளையமா என்பதற்குக் குறிகளே போதும். எந்த வழியில் போனாலும் மிகை, குறை எண்ணிக்கை மாறாது என்று சில்வெஸ்டர் 1852இல் காட்டிவிட்டார். தேர்வறையில் நானும் உங்கள் வழியில்தான் போவேன். ஆனால் x + 2y/5 = 0, y = 0 ஆகிய கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தல்ல. ஆகவே 5, 6/5 என்பவற்றிலிருந்து அச்சு நீளத்தைப் படிக்க முடியாது. நீள்வட்டத்தைத் திருப்பாமல் சரித்துத் தள்ளியிருக்கிறீர்கள். P போன்ற செங்குத்து அணி சுழற்றும் அல்லது பிரதிபலிக்கும், தொலைவை மாற்றாது.

புள்ளிவிவரப் பணியாளர்: மாற்றிச் சொல்கிறீர்கள் என நினைக்கிறேன். என் தரவில் பெரிய ஐகன் மதிப்பின் திசையில்தான் புள்ளிகள் நீண்டு பரவியிருக்கின்றன.

உங்கள் படமும் சரி, என் விடையும் சரி. நீங்கள் ஐகன் மதிப்பு காண்பது உடன்மாறுபாட்டு அணிக்கு. அந்தப் புள்ளிக்கூட்டத்தைச் சுற்றி வரையும் நீள்வட்டத்தின் சமன்பாட்டில் இருப்பதோ அதன் நேர்மாறு அணி. திசைகள் அவையே, மதிப்புகள் மட்டும் தலைகீழாகின்றன. மேலே உள்ள கணக்கில் 6 என்பது கடுமையான ஏற்றம்: அந்தத் திசையில் சிறிது நகர்ந்தாலே எல்லையைத் தொட்டுவிடுகிறோம், அதனால் அச்சு குட்டை.

பொறியியல் மாணவர்: 2xy + 2yz + 2zx = 1. மதிப்புகள் 2, −1, −1. −1க்கு (1, −1, 0), (1, 0, −1) எடுத்தேன். PᵀAP மூலைவிட்ட அணியாக வரவில்லை.

அந்த இரண்டின் புள்ளிப் பெருக்கல் 1. ஒரே மதிப்பு திரும்ப வரும்போது செங்குத்துத்தன்மை தானாக வராது தம்பி, நாம்தான் தேட வேண்டும். x + y + z = 0 என்ற தளம் முழுவதும் −1க்கு உரியது; அதில் எந்தச் செங்குத்து இணையும் ஆகும். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை (1, 1, −2) ஆக்குங்கள். பிறகு மூன்றையும் அலகாக்குங்கள்.

இந்தச் சுதந்திரமே வடிவத்தையும் சொல்கிறது. 2u² − v² − w² = 1இல் v, w இரண்டுக்கும் ஒரே கெழு. எனவே இது (1, 1, 1) திசையை அச்சாகக் கொண்டு சுழலும் வடிவம். u = 0 என்றால் தீர்வே இல்லை; ஆகவே நடுவில் இடைவெளி விட்டு எதிரெதிராக நிற்கும் இரண்டு கிண்ணங்கள்.

ஆய்வு மாணவி: என் 3×3 அணியின் உறுப்புகள் அளவீடுகள், மூன்று தசமத்துக்கு முழுமையாக்கியவை. மதிப்புகள் 8.1, 2.3, −0.0004. சேண வடிவம் என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். ஒவ்வோர் உறுப்பிலும் 0.0005 வரை பிழை இருக்கலாம்; 3×3 சமச்சீர் அணியில் அது ஐகன் மதிப்பை 0.0015 வரை நகர்த்தக்கூடும். எனவே அந்த −0.0004 உண்மையில் மிகையாகவும் இருக்கலாம், சுழியமாகவும் இருக்கலாம். கிண்ணம், வாய்க்கால், சேணம் மூன்றுக்கும் இடமிருக்கிறது. மற்ற இரண்டு திசைகளில் மேல்நோக்கி வளைகிறது என்பது மட்டும் உறுதி. மூன்றாவதைக் கணினி தீர்மானிக்காது. அளவீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.