“தீ”யா, “டீ”யா? விடுதி ஒலிபெருக்கி அறிவிப்பு: கேள்வி பதில்

தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கல்லூரி விடுதிகளுக்கு வெளியேற்றப் பயிற்சி நடத்திக் கொடுக்கிறேன். மைக்கில் என்ன பேசுவது என்பதை மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிதான் அதைப் பற்றி.

சார், நான்கு மாடி ஆண்கள் விடுதி, இரண்டு படிக்கட்டு, ஒரு லிப்ட். அறிவிப்பு ஒன்று எழுதிக் கொடுங்கள், அப்படியே வாசித்துவிடுகிறேன். (வார்டன், திருச்சி)

எழுதித் தருகிறேன். ஆனால் உங்களுடையதைப் போன்ற ஒரு விடுதியில் முதல் தடவை நான் எழுதிக் கொடுத்தது எப்படிச் சொதப்பியது என்பதை முதலில் கேளுங்கள்.

மாலை ஆறரை மணி. “மாணவர்களே, இரண்டாம் மாடியில் தீ. லிப்டைப் பயன்படுத்தாதீர்கள்” என்று வார்டன் வாசித்தார். நல்ல கணீர்க் குரல். நான் மூன்றாம் மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். நாலு பையன்கள் டம்ளரோடு வெளியே வந்தார்கள். “இரண்டாம் மாடியில் டீயாம்டா.” புனல் ஸ்பீக்கரில் மெய்யெழுத்து தேய்ந்துவிடும். அந்த நேரம் வேறு டீ வருகிற நேரம். இன்னும் ஏழெட்டுப் பேர் லிப்ட் வாசலில் நின்றார்கள். கேட்டால், “லிப்டைப் பயன்படுத்தச் சொன்னாங்க சார்” என்கிறார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. தமிழில் “செய்”, “செய்யாதே” இரண்டும் வாக்கியத்தின் வால்வரை ஒன்றாகவே போகும். பேசுகிறவர் குரல் அந்த வாலில்தான் இறங்கும், எதிரொலியும் அதைத்தான் தின்னும். மிஞ்சியது “லிப்டைப் பயன்படுத்”. அன்றிலிருந்து “-ஆதீர்கள்” என்று முடியும் எதையும் மைக் பக்கம் விடுவதில்லை. இப்போது கொடுப்பது இது:

“கவனியுங்கள். கவனியுங்கள். வார்டன் பேசுகிறேன். இது பயிற்சி.
இரண்டாம் மாடி, அயர்ன் ரூமில் நெருப்பு.
எல்லோரும் இப்போதே வெளியே வாருங்கள். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.
மெஸ் பக்கப் படியில் இறங்குங்கள். லிப்ட் வேண்டாம். மெஸ் பக்கப் படி.
வாலிபால் கிரவுண்டில் உங்கள் மாடிப் பலகைக்குப் பின்னால் நில்லுங்கள்.
இது பயிற்சி.”

ஒவ்வொரு வரிக்கும் பிறகு மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மொத்தம் அரை நிமிடம் வரும். பத்து விநாடி சும்மா இருங்கள், மறுபடி வாசியுங்கள். சைரன் ஓடும்போது பேச வேண்டாம். அதை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

“கிழக்குப் படிக்கட்டு” என்று வரைபடத்தில் இருக்கும். பையன்களுக்கு அது மெஸ் பக்கப் படிதான். அவர்கள் வாயில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். “தளம்” என்ற சொல்லும் வேண்டாம். சிலர் தரையையே முதல் தளம் என்று எண்ணுகிறார்கள். அறை எண் 200-இல் தொடங்கினால் “இருநூறு வரிசை” என்று சொல்லலாம், குழப்பமே வராது.

கடைசியாக ஒன்று. மெஸ் பக்கப் படியின் கீழே இருக்கும் கிரில் கேட்டுக்குச் சாவி யாரிடம்?

சைரன் அடித்தால் போதாதா? எதற்கு இவ்வளவு பேச்சு? (பராமரிப்புப் பொறியாளர், சென்னை)

போதாது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துச் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ப்ரூ, சைம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 1991-இல் எழுதியிருக்கிறார்கள். மணி மட்டும் அடித்தபோது பயணிகள் பாட்டுக்கு நின்றார்கள். என்ன நடந்தது, எங்கே, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒருவர் நேரடியாகப் பேசியபோது கிளம்பினார்கள். விடுதியிலும் சைரன் கேட்ட பையன் முதலில் செய்வது பக்கத்து அறைக்காரன் முகத்தைப் பார்ப்பதுதான்.

“பதற்றப்பட வேண்டாம், அமைதியாக இருங்கள்” என்ற வரியே உங்கள் அறிவிப்பில் இல்லையே? மாணவிகள் பயந்துவிட மாட்டார்களா? (துணை வார்டன், கோவை)

வேண்டுமென்றேதான் விட்டேன் அம்மா. அந்த வரி எந்தக் காலையும் நகர்த்தாது. “பதற்றம்” என்ற சொல் மட்டும் காதில் விழும். அமைதி உங்கள் குரலில் இருந்தால் போதும். மைக்கை நாலு விரல் தள்ளி வைத்து, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற வேகத்தில் வாசியுங்கள்.

பெண்கள் விடுதி என்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு கேட்டைப் பூட்டுவீர்கள் அல்லவா? சாவி வாட்ச்மேன் இடுப்பில், வாட்ச்மேன் டீக்கடையில். 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தது சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால். அறிவிப்பு எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

தீயணைப்பான் சிலிண்டரை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும்? (பெயர் போடவில்லை)

சிலிண்டரிலேயே அட்டை தொங்கும், பாருங்கள். இன்று மைக் மட்டும்.

ஐயா, தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு திருத்தம். “லிப்ட் வேண்டாம்” என்பதிலும் எதிர்மறை கடைசியில்தானே வருகிறது? (புதுக்கோட்டை)

மாட்டிக்கொண்டேன். “வேண்டாம்” தனிச் சொல், ஓரளவு கனமாக விழும், அதனால் தாங்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நீங்கள் சொல்வதுதான் சரி. “லிப்ட்” என்ற சொல் காதில் விழுந்தாலே கால் அந்தப் பக்கம் போகும். அந்த இரண்டு சொற்களை எடுத்துவிட்டு “படியில் மட்டும்” என்று போடுங்கள். லிப்டைத் தரைக்கு இறக்கி நிறுத்தி, வாசலில் ஓர் ஆளையும் நிறுத்துங்கள். திருச்சி வார்டன் கவனிக்க.

பயிற்சி என்று முன்கூட்டியே சொன்னால் யாரும் நகர மாட்டான். சொல்லாமல் நடத்துவதுதான் உண்மையான சோதனை. நாங்கள் அப்படித்தான் செய்தோம், மூன்றே நிமிடத்தில் கட்டடம் காலி. (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மதுரை)

மூன்று நிமிடத்தில் காலியானது சரி. எப்படி இறங்கினார்கள் என்று படியில் நின்று பார்த்தீர்களா? நெருப்பு என்று நம்பிய பையன் முதல் மாடி சன்ஷேடில் இறங்கிக் குதிக்கப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் கால் ஒடிந்தால் அடுத்த பயிற்சியே நடக்காது, நிர்வாகம் விடாது.

குறுக்கிடுகிறேன். எங்கள் விடுதியில் சொல்லாமல் நடத்தினார்கள். எனக்கு ஆஸ்துமா. நாலாவது மாடியிலிருந்து ஓடி வந்து மூச்சு திணறி உட்கார்ந்துவிட்டேன். பிறகு “சும்மா டெஸ்ட்” என்று சிரித்தார்கள். அடுத்த மாதம் சமையல் அறையில் நிஜமாகவே புகை வந்தபோது எங்கள் மாடியில் ஒருத்தி கூட எழுந்திரிக்கவில்லை. (முதுகலை மாணவி)

மதுரை ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

மாணவி சொல்வது வருத்தமான விஷயம். ஆனால் பயிற்சி என்று சொல்லியே பழக்கினாலும் அதே ஆபத்துதானே? நிஜமாகத் தீப்பிடித்தாலும் “வழக்கமான பயிற்சி” என்று படுத்துக்கொள்வான். (மதுரை தலைமையாசிரியர்)

இது நியாயமான கேள்வி. என் வழி இது: நாள் சொல்லலாம், நேரம் சொல்லக் கூடாது. மூச்சுக்கோளாறு, கால் கட்டு என்று இருப்பவர்களிடம் மட்டும் நேரத்தையும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். மைக்கில் முதல் வரியிலும் கடைசி வரியிலும் “இது பயிற்சி”.

நிஜ நெருப்பில் அந்தச் சொல்லே வாயில் வரக் கூடாது. நிறையப் பேர் “இது பயிற்சி அல்ல” என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாலை வெட்டிப் பாருங்கள், என்ன மிஞ்சுகிறது? “இது பயிற்சி.” பையன் திரும்பப் படுத்துக்கொள்வான். அந்த இடத்தில் “உண்மையான நெருப்பு” என்று வாசியுங்கள். மற்ற வரிகள் பயிற்சியில் கேட்ட அதே வரிகள், அதே வரிசை.

எத்தனை பேர் அந்த ஒரு வரி வித்தியாசத்தைக் கவனிப்பார்கள்? எனக்கு இன்னும் ஒப்பவில்லை. (மதுரை தலைமையாசிரியர்)

ஒப்ப வேண்டாம் ஐயா. எனக்கும் முழு நிம்மதி இல்லை. சொல்லாமல் நடத்துவதை மட்டும் நான் செய்ய மாட்டேன்.

ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு புகைக்குள் ஓடி வரலாம் என்று அறிவிப்பில் சேர்க்கலாமா? (மாணவர் பிரதிநிதி, சேலம்)

கூடாது தம்பி. ஈரத் துணி கரியைக் கொஞ்சம் தடுக்கும், ஆளைச் சாய்க்கிற கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அந்தத் துணிக்குச் சரியான இடம் கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளி.

அப்படியானால் எல்லோரையும் அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லலாமே? வெளிநாட்டில் அப்படித்தான் என்று படித்தேன். (சேலம், அதே மாணவர்)

லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 2017-இல் அப்படித்தான் சொன்னார்கள். 72 பேர் இறந்தார்கள். தீ ஒரு வீட்டோடு நிற்கும் என்று நம்பிச் சொன்னது, அது வெளிச்சுவர் வழியாக ஏறிவிட்டது. தென்கொரியாவில் 2014-இல் செவோல் கப்பல் சாய்ந்தபோதும் “இருக்கும் இடத்திலேயே இருங்கள்” என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. 304 பேர் போனார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அமைதியான, தெளிவான குரல்தான் அது. சொன்ன சேதிதான் தப்பு.

நம் விடுதிகளில் கதவுக்கு மேலேயே வென்டிலேட்டர் திறந்து கிடக்கும், புகை தாராளமாக உள்ளே வரும். அதனால் முதல் அறிவிப்பு “வெளியே வாருங்கள்” என்றுதான் இருக்க வேண்டும். வழியில் புகை அடைத்திருந்தால் மட்டும் திரும்பிப் போய், கதவைச் சாத்தி, ஜன்னலில் துணியை ஆட்ட வேண்டும். இதை இரண்டாவது அறிவிப்பில் வைக்கிறேன். முதலிலேயே சேர்த்தால் பாதிப் பேர் அதைச் சாக்காக எடுத்துக்கொள்வார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார், இரண்டையும் ஒன்றாகச் சொல் என்பார்.

ஒடிசா, பீகார் மாணவர்கள் நிறைய. மூன்று மொழியிலும் கலந்து சொல்லலாமா? (வார்டன், ஓசூர்)

கலக்க வேண்டாம். தமிழில் முழுதாக ஒருமுறை, இந்தியில் முழுதாக ஒருமுறை, பிறகு ஆங்கிலம். இந்தி வாசிக்க அந்தப் பையன்களில் ஒருவனையே பழக்குங்கள். நீங்கள் வாசித்தால் அவர்களுக்குச் சிரிப்பு வரும்.

முன்கூட்டியே பதிவு செய்து போடலாமா? (கோவை)

முதல் அறிவிப்புக்குப் போடலாம். தீ இடம் மாறினால் பதிவுக்குத் தெரியாது, ஆள் பேச வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலும் ஓடுகிறதா பாருங்கள். தீ என்றால் முதலில் மெயினை இறக்குவார்கள், மைக்கும் சேர்ந்து செத்துவிடும்.

சார், அறிவிப்பை எழுதிக் கொடுங்கள். (நான்காவது ஆள்)

மேலே இருக்கிறது. லிப்டை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா?

போதாது.

நீங்கள் சொன்னபடி நேற்று நடத்தினோம் சார். நாலு நிமிடத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள், தலை எண்ணியபோது மூன்று பேர் குறைந்தார்கள். குளியலறையில் இருந்திருக்கிறார்கள், ஒன்றுமே கேட்கவில்லையாம். (வார்டன், திருச்சி)

ஸ்பீக்கர் வராந்தாவைப் பார்த்து இருக்கும். கடைசி குளியலறையில் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு நீங்களே நின்று கேளுங்கள். “மெஸ் பக்கப் படி” என்பது காதில் விழும்வரை ஸ்பீக்கரை நகர்த்துங்கள். அதுவரை மாடிக்கு ஒரு பையன் கதவைத் தட்டிக்கொண்டே போகட்டும்.

கிரில் கேட் சாவியைப் பற்றி நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.