சம்பள முன்பணக் கடிதம்: தொகையும் காரணமும் தவணையும் தெளிவாகத் தெரிய எழுதுவது எப்படி?

கேள்வி: ஐயா, கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணம் 68,500 ரூபாயை ஜூன் 30க்குள் கட்ட வேண்டும். என்னிடம் 23,500 ரூபாய் இருக்கிறது. சம்பள முன்பணம் கேட்டு எழுதிய கடிதத்தை, 'எவ்வளவு, எதற்கு, எப்படித் திருப்பித் தருவீர்கள் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள்' என்று மனிதவள அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். கடிதத்தையும் வீட்டு வரவு செலவுக் குறிப்பையும் இணைத்துள்ளேன். சரிசெய்து தர முடியுமா? என் கடிதத்தின் முக்கியப் பகுதி இது: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக மிகுந்த பண நெருக்கடியில் இருக்கிறேன். எனவே ரூ.50,000 அல்லது தங்களால் இயன்ற தொகையை முன்பணமாக வழங்கி உதவுமாறும், அதை மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

பதில்: உங்கள் கடிதத்தில் பணிவுக்குக் குறைவில்லை, அதை வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒரு பதிவுகூடப் போட முடியாது என்பதுதான் சிக்கல். 'தங்களால் இயன்ற தொகை' என்று படிக்கும் அதிகாரி, எவ்வளவு கொடுத்தால் உங்கள் வேலை முடியும் என்பதைத் தானே ஊகிக்க வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் கொடுத்துவிட்டு உதவியாகிவிட்டது என்று அவர் நினைக்கலாம். அந்தப் பத்தாயிரத்தை வைத்து நீங்கள் கட்டணம் கட்ட முடியாது, ஆனால் தவணை மட்டும் தொடங்கிவிடும்.

தொகையிலிருந்து தொடங்குவோம். கட்டணம் 68,500; கையில் இருப்பது 23,500; தேவை 45,000. கூட ஐயாயிரத்தைச் செலவுக்காகச் சேர்த்து ஐம்பதாயிரமாக முழுமையாக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஐயாயிரத்துக்குக் காட்ட ரசீது எதுவும் இருக்காது. கல்லூரியின் கட்டண அறிவிப்பில் 68,500 என்றும், கடிதத்தில் உங்கள் பங்கு 23,500 என்றும், கோரிக்கை 45,000 என்றும் இருந்தால், கணக்குப் பார்ப்பவர் கூட்டிக் கழித்து அரை நிமிடத்தில் சரி என்று சொல்லிவிடுவார். உங்கள் பங்கை வெளிப்படையாகச் சொல்வதில் இன்னொரு பயனும் இருக்கிறது: முழுச் சுமையையும் நிறுவனத்தின் தலையில் வைக்கவில்லை என்பது அதைப் படித்தவுடனே புரிந்துவிடும்.

காரணத்தைப் பொறுத்தவரை, 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதுவது மானத்தைக் காக்கும் வழி என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நோயோ, வழக்கோ, வேறு கடனோ என்று படிப்பவரை யோசிக்க வைப்பது அந்தச் சொல்தான். மகளின் முதலாண்டுக் கட்டணம் என்பதில் மறைக்க எதுவும் இல்லை. ஒரே வாக்கியத்தில் சொல்லி, கட்டண அறிவிப்பின் நகலை இணைத்து, பணம் கட்டிய ரசீதை ஒரு வாரத்துக்குள் தருவதாக எழுதினால் போதும். வீட்டு வாடகை, விலைவாசி, மனைவியின் உடல்நிலை என்று மற்றவற்றைக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். ஒரு காரணத்துக்குச் சான்று இணைத்துவிட்டு, சான்றில்லாத மூன்றை அதனுடன் சேர்த்தால் முதல் காரணமும் பலவீனமாகிவிடும்.

நான் அதிக நேரம் செலவிட்டது திருப்பிச் செலுத்தும் பகுதியில்தான். 'மாதாமாதம் பிடித்துக்கொள்ளுமாறு' என்பது ஆபத்தான வாக்கியம். நான் முன்பு கணக்குப் பிரிவில் இருந்த ஓர் இடத்தில், இப்படி எழுதிக் கொடுத்த ஒருவரின் முன்பணத்தை மூன்றே தவணையாகப் பிரித்துப் பிடித்தார்கள்; அவர் இரண்டாவது மாதமே வெளியில் வட்டிக்கு வாங்கினார். சட்டத்தில் ஓர் எல்லை இருக்கிறது: 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்ததைப் போலவே, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் பாதிச் சம்பளத்தில் உங்கள் வீடு ஓடாது. ஆகவே தவணையைச் சட்டத்தின் எல்லையிலிருந்து கணக்கிடாமல், உங்கள் வரவு செலவுக் குறிப்பிலிருந்து கணக்கிட வேண்டும்.

அந்தக் குறிப்பின்படி உங்கள் மொத்தச் சம்பளம் 28,000. வருங்கால வைப்புநிதிக்கு 1,800, குழுக் காப்பீட்டுக்கு 300 போனால் 25,900. அதிலிருந்து தீபாவளி முன்பணத்துக்காக மாதம் 1,000 பிடிக்கப்படுவதால் கையில் வருவது 24,900. வாடகை 7,500, மளிகையும் பாலும் கேஸும் 8,500, பெட்ரோல், மின்சாரம், கைப்பேசி ஆகியவற்றுக்கு 2,800, இருசக்கர வாகனத் தவணை 2,650 என மாதச் செலவு 21,450. மீதம் 3,450 ரூபாய். இந்த நிலையில் மாதம் 4,500 வீதம் பத்து மாதம் என்று நேராகப் பிரித்தால், முதல் மாதமே ஆயிரத்துக்கு மேல் துண்டு விழும்.

ஆனால் உங்கள் குறிப்பிலேயே இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கின்றன. தீபாவளி முன்பணம் செப்டம்பர் சம்பளத்தோடு தீர்கிறது. வண்டித் தவணை அக்டோபரோடு தீர்கிறது. நவம்பரிலிருந்து மீதம் 7,100 ஆகிவிடும். எனவே ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதம் 3,000 வீதம் 12,000. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு மாதம் 5,500 வீதம் 33,000. ஆக மொத்தம் 45,000. முதல் மூன்று மாதங்களில் கையில் 450 ரூபாய்தான் நிற்கும் என்பதால் இறுக்கமாகத்தான் இருக்கும். அக்டோபரில் மீதமாகும் 1,450 ரூபாயை நவம்பரில் வரும் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச்சுக்குள் கணக்கை முடிக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்படியானால் கடைசி ஐந்து மாதத் தவணை 6,600 ஆகும், பொங்கல் மாதத்தில் கையில் 500தான் மிஞ்சும். அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. போனஸிலிருந்து ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்றும் எழுதாதீர்கள். தொகை எவ்வளவு என்று தெரியாத பணத்தை எழுத்தில் அடகு வைக்கக் கூடாது.

பழைய தீபாவளி முன்பணத்தை உங்கள் கடிதம் சொல்லவே இல்லை. மறைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்திருக்காது. ஆனால் மனிதவளப் பிரிவு முதலில் பார்ப்பது நிலுவைப் பட்டியலைத்தான். அங்கே உங்கள் பெயர் இருந்து, கடிதத்தில் அது இல்லாவிட்டால் கேள்வி எழும். நீங்களே சொல்லிவிட்டால், தவணை ஏன் இரண்டு படியாக இருக்கிறது என்பதற்கும் அதுவே விளக்கமாகிவிடும்.

இவ்வளவையும் வைத்துத் திருத்திய கடிதம் இது:

அனுப்புநர்: (பெயர், பணியாளர் எண்), ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர்
பெறுநர்: மேலாளர், மனிதவளப் பிரிவு
நாள்: 08.06.2026
பொருள்: மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ரூ.45,000 சம்பள முன்பணம் கோருதல்

ஐயா, வணக்கம்.

என் மகளின் முதலாண்டுக் கல்லூரிக் கட்டணமான ரூ.68,500ஐ 30.06.2026க்குள் செலுத்த வேண்டியுள்ளது. இதில் ரூ.23,500 என்னிடம் உள்ளது. மீதமுள்ள ரூ.45,000ஐ (ரூபாய் நாற்பத்தைந்தாயிரம் மட்டும்) சம்பள முன்பணமாக 24.06.2026க்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டண அறிவிப்பின் நகலை இணைத்துள்ளேன். பணம் செலுத்திய ரசீதின் நகலை ஒரு வாரத்துக்குள் ஒப்படைக்கிறேன்.

இத்தொகையை 2026 ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதங்களுக்கு மாதம் ரூ.3,000 வீதமும், 2026 நவம்பர் முதல் 2027 ஏப்ரல் வரை ஆறு மாதங்களுக்கு மாதம் ரூ.5,500 வீதமும் என் சம்பளத்தில் பிடித்தம் செய்துகொள்ள ஒப்புதல் அளிக்கிறேன். கடந்த தீபாவளிக்கு நான் பெற்ற முன்பணத்தில், ஜூன் மாதப் பிடித்தத்துக்குப் பின் ரூ.3,000 நிலுவை இருக்கும். அது செப்டம்பர் மாதச் சம்பளத்துடன் தீர்ந்துவிடும். அதனால்தான் முதல் தவணைகளைக் குறைவாகக் கேட்டுள்ளேன்.

சம்பளமில்லா விடுப்பால் ஏதேனும் ஒரு மாதத்தில் தவணையைப் பிடிக்க இயலாவிட்டால், அத்தவணையைக் கடைசித் தவணைக்கு அடுத்த மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம். இடையில் நான் பணியிலிருந்து விலக நேர்ந்தால், நிலுவையை எனக்கு வர வேண்டிய இறுதிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

கடிதத்தில் வண்டித் தவணையை நான் சேர்க்கவில்லை. அது நிறுவனத்தின் கணக்கில் இல்லாத உங்கள் சொந்தக் கடன். கேட்டால் வாய்மொழியாகச் சொன்னால் போதும். 24ஆம் தேதி என்று போட்டதற்குக் காரணம், மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் வேலையில் கணக்குப் பிரிவு மூழ்கிவிடும் என்பதுடன், கல்லூரிக் கணக்கில் பணம் சேர ஓரிரு நாள் கையில் இருக்க வேண்டும் என்பதும்தான். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதியதை விட்டுவிடாதீர்கள். கடைசிப் பத்தியைச் சிலர் அபசகுனமாக நினைப்பார்கள். ஆனால் ஒப்புதல் தருபவர் மனத்தில் இருக்கும் முதல் கேள்வி அதுதான்.

கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: முன்பணத்துக்கு வட்டி உண்டா, ஒரு முன்பணம் தீரும் முன் இன்னொன்று தரக் கூடாது என்று நிறுவனத்தில் விதி இருக்கிறதா? இரண்டாவது விதி இருந்தால், நிலுவையில் இருக்கும் 3,000ஐப் புதிய தொகையிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொல்வார்கள். அப்போது உங்கள் கைக்கு வருவது 42,000 ஆகிவிடும் என்பதால், கோரிக்கையை 48,000 ஆக மாற்றி எழுத வேண்டும். பழைய பிடித்தம் நின்றுவிடுவதால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் தவணைகளை 4,000 ஆக்கினால் கணக்கு சரியாகிவிடும்.

'45,000 முடியாது, 30,000 தருகிறோம்' என்று சொன்னால், மாதத் தவணையைக் குறைக்கச் சொல்லாமல் மாதங்களைக் குறையுங்கள்: அக்டோபர் வரை அதே 3,000, பிறகு மூன்று மாதம் 5,500, பிப்ரவரியில் 1,500 என்று முடிந்துவிடும். விடுபடும் 15,000 ரூபாயை இரண்டாம் பருவத்தோடு சேர்த்துக் கட்ட அனுமதிக்குமாறு கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அந்தக் கடிதத்தையும் இதே முறையில், தொகையும் தேதியும் தெரிய எழுதுங்கள். எந்தத் தொகை கிடைத்தாலும், தவணை விவரத்துடன் ஒப்புதல் கையொப்பமிட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஜூலைச் சம்பளச் சீட்டில் முன்பணப் பிடித்தம் 3,000 என்று தனி வரியாக வருகிறதா என்று பாருங்கள். வேறு தொகை இருந்தால் அந்த வாரத்திலேயே நகலைக் காட்டிக் கேளுங்கள்.